கடைசி மாதத்தில் பிள்ளை அடங்காது

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு டம்ளருக்கும் சேர்த்தே தண்ணீர் வைத்திருக்கிறேன், இது அரை டம்ளரில் முடிகிற பேச்சு இல்லை. எடப்பாடியில் தறிப்பட்டறைக்குப் போகிற பெண்கள் முழுகாமல் இருக்கும்போது பிள்ளையின் அசைவைப் பற்றிக் கேட்கிற கேள்விகள் இரண்டுதான். நாலாவது மாதம் முடிகிற சமயத்தில், "இன்னும் ஒண்ணுமே தெரியலீங்களே, பிள்ளை நல்லாத்தான் இருக்குதுங்களா?" என்பது ஒன்று. எட்டு, ஒன்பதாவது மாதத்தில், "முன்ன மாதிரி துடிக்கறதில்லீங்க. எடம் பத்தாம அடங்கிடுச்சுன்னு எங்க அத்தை சொல்றாங்க, அப்படித்தானுங்களா?" என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் 'பொறு கண்ணு' என்பதுதான். இரண்டாவதற்கு 'இப்பவே கிளம்பு'. ஆனால் நடப்பது தலைகீழ். நாலாவது மாதத்தில் பதறிப்போய் ஸ்கேன் எடுக்க ஓடுகிறார்கள். ஒன்பதாவது மாதத்தில் 'விடியட்டும், பார்த்துக்கலாம்' என்று படுத்துவிடுகிறார்கள்.

முதல் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். பிள்ளை அசையத் தொடங்குவது அம்மாவுக்குத் தெரிகிற நாளில் அல்ல, அதற்கு வெகு முன்பே. கடைசியாகத் தூரமான முதல் நாளிலிருந்து எண்ணினால், எட்டாவது வாரத்தை ஒட்டியே ஸ்கேன் திரையில் லேசான நெளிவு தெரியும். பன்னிரண்டாவது வாரத்தில் கையை நீட்டுகிறது, காலை மடக்குகிறது, துள்ளக்கூடச் செய்கிறது. ஆனால் அப்போது அது தலையிலிருந்து பிட்டம் வரை 6 சென்டிமீட்டர் அளவுள்ள உயிர். சுற்றிலும் நீர். கருப்பையும் இன்னும் இடுப்பெலும்புக்குள்ளேயே இருக்கிறது. தோலில் எறும்பு ஊர்ந்தால் தெரிகிற மாதிரியான தொடு உணர்ச்சி கருப்பைக்குக் கிடையாது. உள்ளே விழுந்த உதை கருப்பையைத் தாண்டி வயிற்றின் முன்சுவரில் பட்டால்தான் அம்மாவுக்குத் தெரியும். அதற்குப் பிள்ளைக்குக் கொஞ்சம் கனம் சேர வேண்டும், கருப்பையும் மேலே ஏறி வர வேண்டும். 20 வாரத்தில் பிள்ளை ஏறக்குறைய 300 கிராம் ஆகிவிடுகிறது. கருப்பையின் மேல் விளிம்பு தொப்புளை நெருங்குகிறது. அதனால்தான் தலைப்பிள்ளைக்காரிக்கு 18 முதல் 20 வாரத்துக்குள் முதல் அசைவு தெரிகிறது. 'அஞ்சாம் மாசம் துடிக்கும்' என்று பாட்டிமார் சொல்லிவந்த கணக்கு சரியான கணக்கு.

இரண்டாவது பிள்ளை என்றால் 16 வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பிள்ளை சீக்கிரம் அசைந்தது என்று அதற்கு அர்த்தமில்லை. அந்த உணர்வை ஏற்கெனவே அறிந்தவள் அதைத் தவறவிடுவதில்லை, அவ்வளவுதான். முதல்முறை சுமப்பவளுக்கு அது பல நாள் வாயுத் தொந்தரவாகவே போய்விடும். அடிவயிற்றில் மீன்குஞ்சு நழுவின மாதிரி ஒன்று வரும், நின்று கவனிப்பதற்குள் மறைந்துவிடும். வாயு என்றால் வயிறு இரையும், இடம் மாறும், கொஞ்ச நேரத்தில் பிரிந்துவிடும். பிள்ளையின் அசைவு அநேகமாகத் தொப்புளுக்குக் கீழே ஒரே பக்கத்தில், அழுத்தமில்லாமல், ஆனால் அடுத்தடுத்த நாள்களில் திரும்பத் திரும்ப வரும். ஒரு நாள் தெரிந்துவிட்டு இரண்டு நாள் தெரியாமலும் போகும். ஐந்தாவது, ஆறாவது மாதத்தில் அப்படிப் போவது இயல்பு. அந்தக் கட்டத்தில் யாரும் உட்கார்ந்து எண்ணத் தேவையில்லை.

சிலருக்கு இன்னும் தாமதமாகும். ஸ்கேன் அறிக்கையில் 'பிளசன்டா ஆன்டீரியர்' என்று எழுதியிருந்தால், நச்சுக்கொடி கருப்பையின் முன்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கிறது என்று பொருள். உதைக்கும் வயிற்றுத் தோலுக்கும் நடுவில் அது மெத்தையாகக் கிடப்பதால், 28 வாரம் வரைகூட அசைவு மங்கலாகத் தெரியலாம். அது நோயில்லை, ஒட்டின இடம் அப்படி. உடம்பு கனத்தவர்களுக்கும் சற்றுத் தாமதமாகத்தான் தெரியும். எப்படி இருந்தாலும் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு. 24 வாரம் முடிந்தும் ஒரு அசைவுகூட உணரவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. அநேகமாகத் தேதிக் கணக்கோ நச்சுக்கொடியின் இடமோதான் காரணமாக இருக்கும். ஆனால் பிள்ளையின் தசையிலோ நரம்பிலோ கோளாறு இல்லை என்று டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதல் அசைவு தெரிந்த தேதியைக் குறித்துவைக்கும் பழக்கம் முன்பு இருந்தது. தலைப்பிள்ளை என்றால் அந்தத் தேதியோடு 22 வாரமும், அடுத்த பிள்ளை என்றால் 24 வாரமும் கூட்டிப் பிரசவ நாள் சொல்வார்கள். இன்று மூன்றாவது மாத ஸ்கேன் அதைவிடத் துல்லியமாகச் சொல்லிவிடுகிறது. இருந்தாலும் தாய்-சேய் நல அட்டையின் ஓரத்தில் குறித்துவையுங்கள், தப்பில்லை.

இனி இயல்பான அசைவு என்பது என்ன என்று பார்ப்போம். 24 வாரத்துக்குப் பிறகு அசைவு தினசரி ஆகிறது. 28 வாரத்தை ஒட்டி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பழக்கம் படிகிறது. ஒன்று மாலையில் ஆட்டம் போடும், ஒன்று அம்மா படுத்தவுடன் தொடங்கும், இன்னொன்று விடியற்காலையில் எழுப்பிவிடும். பொதுவாகப் பிற்பகலிலும் இரவிலும்தான் அதிகம். 32 வாரம் வரை அசைவின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போய், அதன் பிறகு ஏறக்குறைய அதே அளவில் நிற்கிறது. பிரசவ வலி வரும் வரைக்கும், வலி வந்த பிறகும்கூட, பிள்ளை அசைந்துகொண்டுதான் இருக்கும்.

மாறுவது அசைவின் தன்மை. ஆறாவது மாதத்தில் நீர் அதிகம், பிள்ளை சிறிது. அதனால் குட்டிக்கரணம் போடுகிறது, 'டப்' என்று உதைக்கிறது. எட்டரை மாதத்தில் பிள்ளை இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். அப்போது கரணத்துக்கு இடமில்லை. முதுகைப் புரட்டுகிறது, குதிகாலை விலா எலும்புக்குக் கீழே வைத்து அழுத்துகிறது, வயிறு ஒரு பக்கமாகச் சாய்ந்து மேடு தட்டுகிறது. புடவைக்கு மேலேயே தெரியும். உதை குறைந்து புரளல் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். 'குறைஞ்சிடுச்சு' என்று சிலர் நினைப்பது இந்த மாற்றத்தைத்தான். எண்ணும்போது உதை, புரளல், நீட்டல், அழுத்தல் எல்லாமே கணக்கில் சேரும். சேராதது விக்கல் மட்டும். ஒரே இடத்தில், ஒரே சீராக, நிமிடக்கணக்கில் 'டிக் டிக்' என்று வருவது விக்கல். அதற்குப் பயப்படவும் வேண்டாம், அதை எண்ணவும் வேண்டாம்.

பிள்ளை தூங்கும். ஒரு தூக்கம் 20 நிமிடத்திலிருந்து 40 நிமிடம் வரை. ஆரோக்கியமான பிள்ளை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் தூங்குவது அபூர்வம். இந்த ஒன்றரை மணி நேரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

எடப்பாடிக்கே உரிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது. வயிற்றில் அசைவு நடப்பது வேறு, அதை அம்மா உணர்வது வேறு. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே தாய்மாரைக் கேட்ட ஆய்வுகளில், திரையில் தெரிந்த அசைவுகளில் 37 முதல் 88 சதவீதம் வரைதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. படுத்திருக்கும்போது அதிகம் தெரியும், உட்கார்ந்தால் அதைவிடக் குறைவு, நின்றால் இன்னும் குறைவு. வேலையில் கவனம் இருந்தால் நின்றுகொண்டே அடி வாங்கினாலும் தெரியாது. தறி ஓட்டுகிற பெண்ணின் பகல் பொழுதை நினைத்துப் பாருங்கள். நாலைந்து தறிக்கு நடுவே நடை. நாடா இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரோடு பேசக்கூடக் கத்த வேண்டும். தரை அதிர்கிறது. தார் தீர்ந்தால் மாற்ற வேண்டும், பாவு இழை அறுந்தால் குனிந்து முடிச்சுப் போட வேண்டும், தறி நின்றால் கூலி நின்றது. இப்படிப்பட்ட பகலில் பிள்ளை நூறு முறை அசைந்தாலும் அவளுக்குப் பத்து தெரிந்தால் அதிகம்.

இதனால் இரண்டு விதமான தவறு நடக்கிறது. பகலெல்லாம் தெரியாததை வைத்துச் சிலர் வீணாகப் பயப்படுகிறார்கள். இதைவிடக் கெட்டது அடுத்தது. பகலில் தெரியாமல் இருப்பது பழகிப்போன பெண்ணுக்கு, உண்மையிலேயே அசைவு குறைந்த பகலும் மற்ற பகல்களைப் போலவே இருக்கும். அவளுக்கு வித்தியாசம் தெரிய ஒரே வழி, நாளில் ஒரு நேரத்தைப் பிள்ளைக்கென்று ஒதுக்குவது. ராத்திரிச் சாப்பாடு முடிந்து, செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு, இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, கையை வயிற்றில் வைத்து அரை மணி நேரம். தினமும் ஒரே நேரம். பிள்ளையும் சாயங்காலத்துக்கு மேல் அதிகம் ஆடுகிற வழக்கமுள்ளது என்பதால் இது தோதான நேரம். 28 வாரத்திலிருந்து இதைச் செய்துவந்தால், பத்துப் பதினைந்து நாளில் 'என் பிள்ளையின் வழக்கம் இது' என்று அவளுக்கே பிடிபடும். மல்லாந்து படுப்பதை மட்டும் இந்த மாதங்களில் தவிர்க்க வேண்டும். கனத்த கருப்பை முதுகெலும்பை ஒட்டிப் போகும் பெரிய ரத்தக் குழாயை அழுத்தி, பிள்ளைக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும்.

'எத்தனைங்க? ஒரு எண் சொல்லுங்க' என்று கேட்பீர்கள். எண்ணின் கதை கொஞ்சம் நீளம். 1976இல் பிரிட்டனில் கார்டிஃப் நகரத்து மருத்துவர்கள் பியர்சன், வீவர் இருவரும் ஒரு முறையைச் சொன்னார்கள். காலை 9 மணிக்கு எண்ணத் தொடங்க வேண்டும். பத்தாவது அசைவு வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரவு 9 மணி வரை பத்து வரவில்லை என்றால் ஆஸ்பத்திரி. பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பத்து என்கிற கணக்கு உலகம் முழுக்கப் பரவியது இப்படித்தான். நம் நாட்டு மகப்பேறு பாடநூல்களிலும் அது வேறு உருவில் இருக்கிறது: காலை, மதியம், இரவு ஒவ்வொரு மணி நேரம் எண்ணிக் கூட்டி, நாலால் பெருக்கிக்கொள்ளச் சொல்வார்கள். எந்த மணி நேரத்திலும் மூன்றுக்குக் குறையக் கூடாது. 1989இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு, அமைதியாகப் படுத்துக் கவனிக்கிற தாய்க்குப் பத்து அசைவு தெரியச் சராசரியாக 20 நிமிடம் போலத்தான் ஆகிறது என்று காட்டியது. அதிலிருந்து 'படுத்துக் கவனித்தால் 2 மணி நேரத்துக்குள் பத்து' என்கிற அளவு வந்தது. தறிப்பட்டறைப் பெண்ணுக்குப் பன்னிரண்டு மணி நேரக் கணக்கு உதவாது. இந்த 2 மணி நேரக் கணக்குதான் பொருந்தும்.

ஆனால் இதே 1989இல் 68 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வில், எல்லோரையும் தினமும் எண்ணச் சொன்னதால் வயிற்றில் பிள்ளை இறப்பது குறையவில்லை. 2018இல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 4 லட்சத்துக்கும் அதிகமான கர்ப்பங்களை வைத்து நடந்த ஆய்வில், அசைவைப் பற்றித் தாய்மாருக்கு எடுத்துச் சொல்லி, குறைந்ததாக வந்தவர்களை ஒரே முறைப்படி கவனித்தார்கள். இறப்பு குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை, சிசேரியன் கொஞ்சம் கூடியது. இதை மறைத்துவிட்டு 'எண்ணு, பிள்ளை பிழைக்கும்' என்று வாக்குறுதி கொடுப்பது நேர்மையில்லை. அசைவைக் கவனிப்பது ஓர் எச்சரிக்கை மணிதான், அதற்குமேல் இல்லை. திடீரென்று நச்சுக்கொடி பிரிந்து போகிற மாதிரியான விபத்துக்கு மணி அடிக்கவும் நேரமிருக்காது. அதனால் இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்று பொதுவான எண்ணைக் காட்டிலும், 'உன் பிள்ளையின் வழக்கத்திலிருந்து மாறுகிறதா?' என்ற கேள்வியையே முதலில் வைக்கிறார்கள். என் கட்சியும் அதுதான். தினமும் இரவு 40 முறை புரள்கிற பிள்ளை ஒரு நாள் 12 முறை மட்டும் சோர்வாக அசைந்தால், எண் தேறிவிட்டது, ஆனால் பிள்ளை மாறியிருக்கிறது. அங்கே எண்ணை நம்பக் கூடாது. பத்து என்பது சந்தேகம் வந்த ராத்திரியில் முடிவெடுக்க உதவுகிற கைப்பிடி மட்டும்.

இப்போது அத்தைமார் சொல்வதற்கு வருவோம். 'நாள் நெருங்கிடுச்சு, தலை இறங்கிடுச்சு, பிள்ளை அடங்கிடும்.' இதைச் சொல்லாத வீடு இந்தப் பக்கத்தில் குறைவு. சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பயந்து நிற்கிற மருமகளைத் தேற்றத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த ஒரு வாக்கியத்தைப் போல ஆபத்தான வாக்கியம் பிரசவ விஷயத்தில் இன்னொன்று இல்லை. தலை இறங்கினால் புரளல் குறுகும், எண்ணிக்கை விழாது. விழுந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது.

அந்தக் காரணம் என்ன? பிள்ளைக்கு மூச்சும் சோறும் நச்சுக்கொடி வழியாகத்தான். அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு ஏறினாலோ, நச்சுக்கொடி சரியாக வளராமல் போனாலோ, நாள் கடந்துவிட்டாலோ வரத்து குறைகிறது. வரத்து குறைந்தால் பிள்ளை செலவைச் சுருக்குகிறது. மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தை ஒதுக்கிக்கொண்டு கை காலுக்குக் குறைத்துவிடுகிறது. ஆடி ஓடினால் பிராணவாயு செலவாகும் என்பதால் ஆட்டத்தை நிறுத்துகிறது. நல்ல செய்தி என்னவென்றால், நச்சுக்கொடி மெல்ல மெல்லத் தளர்கிற இந்த வகையில், அசைவு குறையத் தொடங்கியதற்கும் இதயம் நிற்பதற்கும் நடுவே பெரும்பாலும் சில மணி நேரமோ சில நாளோ கிடைக்கிறது. வயிற்றில் பிள்ளையை இழந்த தாய்மாரைக் கேட்டால், பாதிப் பேருக்கு மேல் 'அதற்கு முன்பே அசைவு குறைஞ்சிருந்தது' என்று சொல்கிறார்கள். 'அடங்கிடுச்சு' என்ற வாக்கியம் தின்றுவிடுவது அந்த இடைப்பட்ட நேரத்தைத்தான்.

ஒரு பெண்ணை வைத்துப் பார்ப்போம். இவள் யாரும் இல்லை, விளக்கத்துக்காக நான் உண்டாக்கினவள். தலைப்பிள்ளை, 34 வாரம். இரவு 9 மணிக்குப் படுத்தால் 20, 25 நிமிடத்துக்குள் பத்து அசைவு வந்துவிடும் என்று ஆறு வாரமாகப் பழகி வைத்திருக்கிறாள். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்து காப்பி குடிக்கும்போதுதான், இன்றைக்குப் பிள்ளையை நினைத்த ஞாபகமே இல்லை என்று உறைக்கிறது. 7 மணிக்கு ஒருக்களித்துப் படுக்கிறாள். முதல் அரை மணி நேரம் ஒன்றுமில்லை. தூங்கியிருக்கலாம். ஒரு மணி நேரத்தில் இரண்டு, அதுவும் லேசாக. எட்டரை ஆகிறது. ஒன்றரை மணி நேரத் தூக்கம்கூடக் கடந்துவிட்டது. 9 மணிக்கு மொத்தம் நாலு.

மாமியார் குளிர்ந்த தண்ணீரோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார். குடித்தால் ஒன்றும் கெடாது. ஆனால் அது பிள்ளையின் நிலையைச் சோதிக்கிற பரிசோதனை அல்ல. அதைக் குடித்துவிட்டு இன்னும் இரண்டு மணி நேரம் பார்ப்பதுதான் கெடுதல். வீட்டில் வைத்துக் கேட்கிற டாப்ளர் கருவி என்று ஆன்லைனில் விற்கிறார்கள். அதையும் நம்பக் கூடாது. அம்மாவின் ரத்தக் குழாய்ச் சத்தத்தையே பிள்ளையின் துடிப்பென்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. பிள்ளையின் துடிப்பே கேட்டாலும், அந்த நிமிடம் இதயம் ஓடுகிறது என்று மட்டும்தான் அர்த்தம். நலமாக ஓடுகிறதா என்று அதில் தெரியாது.

அவள் கிளம்ப வேண்டும். கிளம்பினாள் என்று வைத்துக்கொள்வோம். எடப்பாடி அரசு மருத்துவமனையோ, வழக்கமாகக் காட்டும் டாக்டரோ, பிரசவம் பார்க்கிற எந்த இடமானாலும் சரி. முதலில் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்பார்கள். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இயல்பு. அதோடு நிற்கக் கூடாது, 'துடிப்பு இருக்கு, போயிட்டு வா' என்று அனுப்பிவிட்டால் வேலை பாதிதான் முடிந்தது. ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். அளவு நாடாவால் வயிற்றை அளக்க வேண்டும். 34 வாரத்தில் கருப்பையின் உயரம் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் இருக்கும். இரண்டு, மூன்று கூடக் குறைய இருக்கலாம். அடுத்தது என்எஸ்டி. வயிற்றில் இரண்டு பட்டை கட்டி, கையில் ஒரு பொத்தான் கொடுத்து, 20 நிமிடம் படுக்கவைப்பார்கள். பிள்ளை அசையும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். நலமான பிள்ளைக்கு அசைவோடு சேர்ந்து துடிப்பும் ஏறும். தாளில் அந்த ஏற்றம் மேடாகத் தெரியும். 20 நிமிடத்தில் இரண்டு மேடாவது வர வேண்டும். வராவிட்டால் தூங்குகிறதோ என்று இன்னொரு 20 நிமிடம் நீட்டிப்பார்கள்.

இங்கே கதை இரண்டாகப் பிரிகிறது. பத்தில் ஏழு பேருக்கு நடப்பது முதலாவது. துடிப்பு 140, மேடுகள் நன்றாக வருகின்றன, கொதிப்பு இல்லை, வயிற்றளவு 33. என்எஸ்டி ஓடும்போதே பிள்ளை விழித்துக்கொண்டு உதைக்கிறது. வீட்டுக்கு அனுப்புகிறார்கள். 'ஒண்ணுமில்லாததுக்கு ராத்திரியில வந்தாச்சு' என்று அவள் வெட்கப்படுவாள். வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்த வாரம் மறுபடி குறைந்தால் மறுபடி வர வேண்டும். இரண்டாவது முறை குறைவதை டாக்டர்கள் முதல் முறையைவிடக் கவனமாக எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளையின் வளர்ச்சி, நீரின் அளவு, கொடியில் ரத்த ஓட்டம் மூன்றையும் ஸ்கேனில் பார்ப்பார்கள்.

இரண்டாவது கிளை இது. அழுத்தம் 150க்கு 100. சிறுநீரில் புரதம். வயிற்றளவு 30 சென்டிமீட்டர்தான், அதாவது பிள்ளை நாலு வாரம் பின்தங்கித் தெரிகிறது. என்எஸ்டியில் மேடு வரவில்லை. காலில் இருந்த வீக்கத்தை 'நின்னு நின்னு வேலை செய்யறதால' என்று அவள் நினைத்திருந்தாள். இந்த நிலையில் ஸ்கேனும் குறைமாதப் பிள்ளைக்கான வார்டும் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 40 கிலோமீட்டர். 108 வண்டியில் போகலாம். அங்கே அம்மாவின் கொதிப்பை இறக்குவார்கள், பிள்ளையின் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பார்கள், உள்ளே வைத்திருப்பதா வெளியே எடுப்பதா என்று முடிவு செய்வார்கள். 34 வாரத்துப் பிள்ளை நல்ல கவனிப்பில் பிழைக்கிற பிள்ளை. அந்த வியாழக்கிழமை இரவு வீட்டில் படுத்திருந்தால், வெள்ளிக்கிழமை காலை என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னும் ஒன்றிரண்டு சில்லறைச் சந்தேகங்கள். குறைமாதத்தில் பிறக்கக்கூடும் என்று நுரையீரலுக்கு ஊசி போட்டிருந்தால், ஓரிரு நாள் அசைவு மந்தமாகும். தூக்கம் வரவைக்கிற மாத்திரைகளாலும் அப்படி ஆகும். ஆனாலும் 'ஊசியாலதான்' என்று நாமே முடிவு கட்டாமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பிள்ளை அதிகமாக ஆடுவது கெடுதலா என்றால், பொதுவாக இல்லை, ஆடுகிற பிள்ளை நலமான பிள்ளை. திடீரென்று ஒரே ஒரு முறை பித்துப் பிடித்த மாதிரி ஆடிவிட்டு அப்படியே ஓய்ந்துபோனால் மட்டும் உடனே காட்ட வேண்டும். 28 வாரத்துக்கு மேல், அசைவு அறவே நின்றுவிட்டதாகத் தோன்றினால் 2 மணி நேரம் எண்ணிப் பார்க்கவும் வேண்டாம், நேராகப் போக வேண்டியதுதான்.

மாமியார்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏழு மாதம் தாண்டின பெண் வேலையில் இருந்தால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் தறிச் சத்தம் எட்டாத இடத்தில் அவளைப் படுக்க விடுங்கள். ராத்திரி அவள் 'பிள்ளை இன்னிக்குச் சரியா அசையலீங்க அத்தை' என்று சொன்னால், பதில் சொல்லாதீர்கள், செருப்பை எடுத்து மாட்டுங்கள். செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செக்கப் போகிற நாள்தானே, அன்றைக்குச் சொல்லிக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பிரசவ வார்டு ராத்திரி முழுக்கத் திறந்திருக்கிறது. தாய்-சேய் நல அட்டையையும் ஸ்கேன் அறிக்கையையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். உள்ளே நுழைந்ததும், எத்தனை வாரம், எத்தனை மணியிலிருந்து அசைவு குறைந்திருக்கிறது என்ற இரண்டையும் முதலில் சொல்லுங்கள்.